ஹோட்டல் அறைக் கதவில் ஒட்டும் தீ அறிவிப்பு: தமிழிலும் ஆங்கிலத்திலும் தவறாகப் புரியாதபடி எழுதுவது எப்படி?

வரைவுமேசை

வணக்கம். ஒரு ஹோட்டலுக்கு, அறைக் கதவின் உட்புறம் ஒட்டும் தீ அறிவிப்பை இரண்டு மொழியிலும் எழுதித் தரும் வேலை கையில் இருக்கிறது. நான்கு மாடிக் கட்டிடம். ஒவ்வொரு மாடியிலும் நடுவே ஒரு நடைவழி, அதன் இரு பக்கமும் அறைகள், இரண்டு கோடியிலும் படிக்கட்டு, நடுவில் லிஃப்ட். இப்போது கதவில் இருக்கும் தமிழ் வாசகம் இது:

"தீ விபத்து ஏற்படும் பட்சத்தில் விருந்தினர்கள் பதற்றமடையாமல், கதவின் வெப்பநிலையை உறுதி செய்துகொண்ட பின்னர், மின்தூக்கியைப் பயன்படுத்துவதைத் தவிர்த்து, இடப்புறம் திரும்பி, அருகிலுள்ள அவசரகால வெளியேற்ற வழியின் மூலம் ஒழுங்கான முறையில் வெளியேறி, ஒன்றுகூடும் இடத்தை அடையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

ஆங்கிலமும் இதேபோல ஒரே மூச்சில் ஓடும் ஒரு வாக்கியம்தான். இதைப் படிகளாக உடைக்க வேண்டும் என்பது தெரிகிறது. எங்கே உடைப்பது என்பதில்தான் தடுமாற்றம். முக்கியமாகக் கதவு சூடாக இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் இன்னொரு வழி என்று பிரிகிற இடம். தூக்கத்திலிருந்து எழுந்து வந்து படிப்பவர் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. இந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுவழி

முதல் படியாக, ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடச் சொல்லிவிடுங்கள். தீயில் சாகிறவர்களைவிடப் புகையில் சாகிறவர்கள்தான் அதிகம். இது இல்லாத அறிவிப்பு அறிவிப்பே இல்லை.

ஓய்வுபெற்ற ஏணி

நெடுவழி, புகை பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. 1980-இல் லாஸ் வேகாஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல் எரிந்தபோது 85 பேர் இறந்தார்கள். தீ இருந்தது கீழே. இறந்தவர்களில் பெரும்பாலோர் மேல் மாடிகளில் புகையில் சிக்கியவர்கள்.

ஆனால் ஈரத் துணியை முதல் படியாக வைக்காதீர்கள் தம்பி. அது கரித்தூளைக் கொஞ்சம் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. துணியைத் தேடி, குழாயைத் திறந்து, நனைத்துப் பிழிவதற்குள் நடைவழி நிறைந்துவிடலாம். அதைவிட மோசம், மூக்கை மூடியாயிற்று என்ற தைரியத்தில் புகைக்குள் நுழைந்துவிடுவார்கள். ஈரத் துண்டுக்கு வேறு இடம் இருக்கிறது. வெளியே போக முடியாமல் அறையிலேயே இருக்க நேர்ந்தால், கதவின் அடி இடுக்கில் திணிக்க.

வரைவுமேசை, தீயணைப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் பழைய வாசகத்தின் நீளத்தைவிடப் பெரிய சிக்கல், அதில் மூன்று வேறு வேறு நிலைமைகள் ஒன்றாகக் குழைந்து கிடப்பது. தீ உங்கள் அறைக்குள்ளேயே இருக்கலாம். தீ வேறெங்கோ இருந்து, வெளியே போக வழி திறந்திருக்கலாம். தீ வேறெங்கோ இருந்து, வழி அடைபட்டிருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. அறைக்குள் தீ என்றால் கதவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை: வெளியேறு, கதவை இழுத்து மூடு, நடைவழியிலுள்ள சிவப்பு அலாரப் பெட்டியை அழுத்து. மூடிய கதவு தீயையும் புகையையும் அந்த அறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும். மற்ற அறைக்காரர்களுக்குக் கிடைக்கிற நேரம் அதுதான். முதலில் இந்த மூன்றையும் பிரியுங்கள், அப்புறம் வாக்கியத்தைப் பார்க்கலாம்.

வரைவுமேசை

நன்றி ஐயா. இப்படிப் பிரித்தால் பாதிச் சிக்கல் தீர்கிறது. கதவைத் தொடும் படிக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "கதவைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திறக்காதீர்கள். சூடாக இல்லாவிட்டால் திறந்து வெளியேறுங்கள்." சரிதானே?

அச்சுக்கோப்பு

நான் அச்சுத் துறை. இதை இப்படியே அடித்தால் வில்லங்கம். "சூடாக இருந்தால்", "சூடாக இல்லாவிட்டால்" இரண்டும் ஒரே மாதிரி தொடங்கி ஒரே மாதிரி முடிகின்றன. அவசரத்தில் கண் சொல்லின் தலையைத்தான் பிடிக்கும், நடுவில் மாறுவதைப் பிடிக்காது. நிபந்தனையை வாக்கியத்திலிருந்து எடுத்துத் தலைப்பாக்குங்கள். பெரிய எழுத்தில் "கதவு சுடுகிறது" என்று ஒரு கட்டம், பக்கத்தில் "கதவு சுடவில்லை" என்று ஒரு கட்டம். ஒவ்வொன்றின் கீழும் செய்ய வேண்டியது மட்டும்.

இன்னொன்று, தமிழில் 'வேண்டாம்', 'கூடாது' எல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஒரு மாதிரித் தாளில் நானே பார்த்தது: "லிஃப்டைப் பயன்படுத்த" என்று ஒரு வரி முடிந்து, "வேண்டாம்" அடுத்த வரிக்குப் போயிருந்தது. மேல் வரியை மட்டும் படித்துவிட்டு ஓடுகிறவர் நேரே லிஃப்டுக்குப் போவார். "லிஃப்டில் ஏறாதீர்கள்" என்றால் மறுப்பு வினையோடு ஒட்டிக்கொள்ளும், எங்கே மடித்தாலும் பிரியாது. 'மின்தூக்கி' நல்ல சொல்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கட்டிடத்தில் லிஃப்டின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதையே கதவிலும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஏணி

அச்சுக்கோப்பு சொன்னதுதான் சரி. அதே கணக்கில் 'அவசரகால வெளியேற்ற வழி' என்பதையும் பாருங்கள். நடைவழியில் அப்படி எங்காவது எழுதியிருக்கிறதா? இருக்காது. அங்கே இருப்பது பச்சைப் பலகை, அதில் ஓடும் மனித உருவம். ஆகவே "பச்சைப் பலகை உள்ள படிக்கட்டு" என்று எழுதுங்கள். விருந்தினர் கண்ணில் படப்போவதைத்தான் காகிதம் சொல்ல வேண்டும்.

கதவு சுடவில்லை என்ற கட்டத்தில் ஒரு எச்சரிக்கை. ஹோட்டல் அறைக் கதவு பெரும்பாலும் தீத்தடுப்புக் கதவு. அந்தப் பக்கம் எரிந்தாலும் இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சுடாமல் இருக்கும், அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். கதவு சுட்டால் அந்தப் பக்கம் ஆபத்து என்பது நிச்சயம். சுடவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. அதனால் "திறந்து வெளியேறுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லக் கூடாது. "கொஞ்சமாகத் திறந்து பாருங்கள்" ஒரு படி. "புகை அடர்த்தியாக இருந்தால் உடனே மூடுங்கள்" அடுத்த படி. அதன் பிறகுதான் வெளியேறுவது.

மூன்றாம் மாடி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இந்த மாதிரி ஒன்று ஒட்டணும் என்று சங்கத்தில் பேச்சு. இதையே எடுத்து ஒட்டிவிடலாமா? எங்கள் படிக்கட்டில் சைக்கிளும் பழைய பீரோவும் நிற்கின்றன, அதைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஏணி

அப்படியே எடுக்காதீர்கள் அம்மா. வீட்டில் இருப்பவருக்குப் படிக்கட்டு எங்கே என்று தெரியும், ஹோட்டலில் இருப்பவருக்கு அன்றுதான் அந்த இடமே தெரியும். அதுவுமில்லாமல் சில குடியிருப்புகளில் வேறு வீட்டில் தீ என்றால் அவரவர் வீட்டிலேயே இருக்கச் சொல்லும் திட்டம் உண்டு. உங்கள் கட்டிடத்துக்கு எது என்று உங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள். பீரோவுக்கு நோட்டீஸ் தேவையில்லை, இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.

திசைகாட்டி

யாரும் கவனிக்காத ஒன்று: பழைய வாசகத்தில் "இடப்புறம் திரும்பி" என்று இருக்கிறது. நடைவழியின் இரு பக்கமும் அறைகள் என்றீர்கள். எல்லா அறையிலும் ஒரே தாளா ஒட்டியிருக்கிறார்கள்?

வரைவுமேசை

ஆமாம், ஒரே தாள்தான். இதைக் கேட்டதும் வரைபடத்தை எடுத்து உட்கார்ந்தேன். நடைவழி கிழக்கு மேற்காக ஓடுகிறது. 214 வடக்குப் பக்கம், 215 தெற்குப் பக்கம், எதிரெதிர் கதவுகள். இரண்டுக்குமே பக்கத்துப் படிக்கட்டு கிழக்குக் கோடியில். 214-இலிருந்து வெளியே வருபவர் தெற்கு நோக்கி வருகிறார், அவருக்குக் கிழக்கு இடப்பக்கம். தாள் சொல்வது சரி. 215-இலிருந்து வருபவர் வடக்கு நோக்கி வருகிறார், அவருக்குக் கிழக்கு வலப்பக்கம். தாளை நம்பி இடப்பக்கம் திரும்பினால் லிஃப்டைத் தாண்டி மேற்குக் கோடி வரை, ஏறக்குறைய முழு நடைவழியையும் கடக்க வேண்டும். தெற்கு வரிசையின் கிழக்குப் பாதி அறைகள் எல்லாவற்றுக்கும் இதே கதி. வடக்கு வரிசையின் மேற்குப் பாதிக்கும் அதேதான்.

திசைகாட்டி

வரைபடமும் அப்படித்தான். படிப்பவர் அறைக்குள் நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தப்பும் வழி வரைபடங்களுக்கான ISO 23601 தரமும், படத்தின் இடது பக்கம் பார்ப்பவரின் இடது பக்கமாகவே இருக்க வேண்டும் என்கிறது. அதாவது அவருக்கு எதிரே இருப்பது படத்தின் மேற்பக்கம். வடக்குதான் மேலே என்ற பழக்கத்தை விடுங்கள். 214-க்குத் தெற்கு மேலே, 215-க்கு வடக்கு மேலே. 215-இன் படத்தை அரைச்சுற்று திருப்பினால் 214-இன் படம் வந்துவிடும். ஆனால் எழுத்துகளைத் திரும்ப நேராக வைக்க வேண்டும், 'நீங்கள் இருக்கும் இடம்' புள்ளியையும் மாற்ற வேண்டும்.

இதிலேயே புகைக்குள் நடக்க ஒரு உதவியும் இருக்கிறது. 214-காரர் வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் அவர் வெளியே வந்த அதே சுவர் அவருடைய இடக்கைப் பக்கம் வரும். வலப்பக்கம் திரும்புகிறவருக்கு வலக்கைப் பக்கம். எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தக் கையைச் சுவரில் வைத்தால் போதும். அந்தச் சுவரில் எத்தனை கதவு தாண்டினால் படிக்கட்டு என்று எண்ணிப் போடுங்கள். விளக்கு அணைந்தாலும் கதவுகளைக் கை எண்ணிவிடும்.

அச்சுக்கோப்பு

அப்படியானால் ஒவ்வொரு அறைக்கும் தனித் தாள். இது பெரிய வேலை இல்லை. அறை எண், திரும்பும் பக்கம், கதவு எண்ணிக்கை, படம் இவை மட்டும் மாறும், மற்றதெல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒட்டுகிறவர் மாற்றி ஒட்டிவிட்டால் எல்லாம் வீண். அறை எண்ணைத் தாளின் தலையில் பெரிதாகப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஏணி

அறை எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. எண் கதவின் வெளிப்புறத்தில்தான் இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டு தொலைபேசியில் பேசுகிறவருக்குத் தன் அறை எண் சட்டென்று வராது. தாளில் இருந்தால் பார்த்துச் சொல்லிவிடுவார்.

நெடுவழி

ஈரத் துணியை விட்டுக்கொடுக்கிறேன். சாவி விஷயம் கேட்கிறேன். எதையும் எடுக்காமல் ஓட வேண்டும் என்கிறார்கள், சாவியை எடு என்றும் சொல்கிறார்கள். எது சரி?

ஓய்வுபெற்ற ஏணி

சாவியை எடுக்க வேண்டும். படிக்கட்டிலும் புகை என்றால் திரும்பி வந்து தங்க உங்களுக்கு இருக்கும் ஒரே இடம் அந்த அறை. கதவோ தானாக மூடிப் பூட்டிக்கொள்ளும். சாவி இல்லாமல் வந்தால் புகைக்குள்தான் நிற்க வேண்டும்.

வரைவுமேசை

இங்கே சாவி அட்டை கதவருகே சுவரில் ஒரு பெட்டியில் செருகியிருக்கும். எடுத்தால் சில நொடிகளில் விளக்கும் ஏசியும் அணைந்துவிடும். முதல் படியாக அட்டையை எடுக்கச் சொன்னால் மீதியை இருட்டில் படிக்க வேண்டிவரும். அதனால் கதவைத் தொட்டுப் பார்த்த பிறகு, வெளியேறுகிற கட்டத்தில் மட்டும் வைக்கிறேன். 214-க்கு இதுவரை வந்தது:

அறை 214

அறைக்குள் தீயா? உடனே வெளியே போங்கள். கதவை இழுத்து மூடுங்கள். சிவப்பு அலாரப் பெட்டியை அழுத்துங்கள். படிக்கட்டில் இறங்குங்கள்.

அலாரம் ஒலிக்கிறதா? வெளியே புகையா? கதவைப் புறங்கையால் தொடுங்கள்.

கதவு சுடவில்லை
1. சாவி அட்டையை எடுங்கள். பெட்டிகளை விட்டுவிடுங்கள்.
2. கதவைக் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். புகை அடர்த்தியாக இருந்தால் உடனே மூடி, 6-க்குப் போங்கள்.
3. வெளியே வந்து கதவை மூடுங்கள். இடப்பக்கம் திரும்புங்கள். இடக்கையைச் சுவரில் வையுங்கள். 4 கதவுகள் தாண்டினால் பச்சைப் பலகை உள்ள படிக்கட்டு. புகை இருந்தால் தவழ்ந்து போங்கள்.
4. லிஃப்டில் ஏறாதீர்கள்.
5. படிக்கட்டில் இறங்கித் தெருவுக்கு வாருங்கள். திரும்ப உள்ளே போகாதீர்கள்.

கதவு சுடுகிறது
6. கதவைத் திறக்காதீர்கள். அறையிலேயே இருங்கள்.
7. ஈரத் துண்டுகளைக் கதவின் அடி இடுக்கில் திணியுங்கள். ஏசியை நிறுத்துங்கள்.
8. தொலைபேசியில் வரவேற்பறையை அழைத்து "அறை 214" என்று சொல்லுங்கள்.
9. ஜன்னலருகே நின்று வெள்ளைத் துணியை அசையுங்கள். கண்ணாடியை உடைக்காதீர்கள்.

அச்சுக்கோப்பு

எண்கள் 1 முதல் 9 வரை திரும்ப வராமல் போவது நல்ல யோசனை. வரவேற்பறையில் இருப்பவர் தொலைபேசியில் "6-இலிருந்து செய்யுங்கள்" என்றால் குழப்பமே இல்லை. ஆங்கிலத்திலும் அதே எண்ணில் அதே செயல் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஏணி

மூன்று திருத்தம். ஒன்று, லிஃப்ட் 4-ஆவதாக வரக் கூடாது. லிஃப்ட் நடைவழியின் நடுவில் இருக்கிறது. 3-ஐப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர் 4-ஐ நினைவில் வைத்திருக்க மாட்டார். கதவைத் திறக்குமுன் அதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு, 3-இல் நான்கைந்து வேலைகள் இருக்கின்றன. உடையுங்கள். படிக்கட்டிலும் புகை என்றால் என்ன செய்வது என்ற வரியே இல்லை, அதையும் சேருங்கள்: எதிர்க்கோடிப் படிக்கட்டு, அதுவும் முடியாவிட்டால் அறைக்குத் திரும்புவது. எம்ஜிஎம் கிராண்டில் படிக்கட்டுக் கதவுகள் உள்ளே போனவருக்குப் பின்னால் பூட்டிக்கொண்டன, திரும்ப மாடிக்குள் வர முடியாமல் சிக்கினார்கள். உங்கள் ஹோட்டலில் படிக்கட்டுக்குள்ளிருந்து அந்தக் கதவு திறக்கிறதா என்று தாளை அச்சிடுமுன் நேரில் போய் இழுத்துப் பாருங்கள்.

மூன்று, படிக்கட்டு தெருமட்டத்தோடு நிற்கிறதா, கீழே வண்டி நிறுத்துமிடம் வரை போகிறதா? போனால் மக்கள் கூட்டத்தோடு தாண்டி இறங்கிவிடுவார்கள். அதைக் கதவுத் தாளில் சரிசெய்ய முடியாது. தெருமட்டக் கதவின் மேல் பலகை வேண்டும்.

இருமொழியாள்

ஆங்கிலத்துக்கு வருகிறேன். அந்த ஆங்கிலத்தைப் படிக்கப்போகிறவர்களில் பலருக்கு அது தாய்மொழியே இல்லை. 'இன் தி ஈவென்ட் ஆஃப்', 'கைண்ட்லி ரிஃப்ரெய்ன் ஃப்ரம்' எல்லாம் எடுத்துவிடுங்கள். 'டு நாட் யூஸ் தி லிஃப்ட்' போதும், லிஃப்டை எலிவேட்டர் என்று சொல்கிறவர்களுக்காகப் பக்கத்தில் படம். மாடி எண்ணைச் சொல்லி வழிகாட்டாதீர்கள். 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' என்றால் சிலருக்குத் தரைத்தளம், சிலருக்கு அதற்கு மேல் தளம்.

தமிழை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்காதீர்கள், ஆங்கிலத்தைத் தமிழிலிருந்தும் பெயர்க்காதீர்கள். எண்ணிட்ட செயல்களை முதலில் முடிவு செய்துவிட்டு, ஒவ்வொன்றையும் அந்தந்த மொழியில் தனியாகச் சொல்லுங்கள். தமிழ் கொஞ்சம் நீளும். வடிவமைப்பவர் உடனே தமிழ் எழுத்தைச் சிறிதாக்கி ஆங்கிலத்துக்குச் சமமாக்கப் பார்ப்பார். விடாதீர்கள். தமிழ் எந்த அளவில் கை நீட்டும் தூரத்தில் வாசிக்கக் கிடைக்கிறதோ அந்த அளவை வைத்துத் தாளின் அளவை முடிவு செய்யுங்கள்.

திசைகாட்டி

சோதிக்கும்போது "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிகிறது என்பார்கள். அந்தக் கட்டிடமே தெரியாத ஒருவரை அறையில் நிறுத்தி, படித்துவிட்டுச் செய்யச் சொல்லிப் பின்னால் போங்கள். தாளைப் பார்க்கத் திரும்பி வந்தால், எந்த வரிக்காக வந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்த வரிதான் பழுது. 214-இல் ஒருவர், 215-இல் ஒருவர், இரண்டு மொழிக்கும் தனித்தனி ஆட்கள்.

சக்கரம்

நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். இவ்வளவு நேரம் படித்தேன். லிஃப்டில் ஏறாதீர்கள், தவழுங்கள், படிக்கட்டில் இறங்குங்கள். எனக்கு இந்தத் தாளில் எந்த எண்?

வரைவுமேசை

இதை நான் யோசிக்கவே இல்லை மேடம். "படி இறங்க முடியாதவர்கள் 6-க்குப் போங்கள்" என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற ஏணி

அவசரப்பட்டு எழுதாதீர்கள். அந்த நடைவழி தெளிவாக இருந்து, படிக்கட்டு முகப்பில் தீத்தடுப்புக் கதவுக்குள் ஒரு நாற்காலி நிற்க இடம் இருந்தால், அறையைவிட அது நல்லது. வருகிற தீயணைப்பு வீரர்கள் அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் ஏறுவார்கள். இடம் இல்லையென்றால் அறைதான். எதுவானாலும் மேடம் எந்த அறையில் இருக்கிறார் என்று வரவேற்பறைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சக்கரம்

ஒவ்வொரு ஹோட்டலிலும் நான் போய்ச் சொல்ல வேண்டுமா? சாவி கொடுக்கும்போது அவர்கள் கேட்கட்டும். படி இறங்க முடியாதவர்கள் என்று மட்டும் எழுதினால் கால் முறிந்து கட்டுப் போட்டவர், நிறைமாதக் கர்ப்பிணி எல்லாம் அது தனக்கில்லை என்று நினைப்பார்கள். அப்புறம், அலாரம் காது கேட்காதவருக்கு எப்படித் தெரியும்?

வரைவுமேசை

காது கேட்காதவருக்கு மின்னும் விளக்கு அலாரம் வேண்டும், அது காகிதத்தில் தீராது. ஹோட்டலிடம் கேட்கிறேன். படிக்கட்டு முகப்பில் நாற்காலிக்கு இடம் இருக்கிறதா என்று நாளை அளந்து பார்த்துவிட்டு வருகிறேன். மேற்குப் படிக்கட்டு குறுகல் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் கிழக்குப் பாதிக்கும் மேற்குப் பாதிக்கும் அந்த வரியே வேறாகிவிடும். சக்கரம் மேடம், எழுதியதும் முதலில் உங்களுக்குக் காட்டுகிறேன்.